1998-இல் தொடங்கிய கோடு

2006 ஏப்ரலில் லண்டன் 'டெலிகிராஃப்' நாளிதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ஆஸ்திரேலிய நிலவியலாளர் பாப் கார்ட்டர். புவி வெப்பமடைதல் 1998-லேயே நின்றுவிட்டது என்பதுதான் அதன் சாரம். இதற்கு அவர் எடுத்துக்காட்டிய தரவு ஏதோ ஓர் இருட்டு மூலையிலிருந்து வந்ததல்ல. பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் உள்ள காலநிலை ஆய்வுப் பிரிவு வெளியிட்ட உலக சராசரி வெப்பநிலைப் பட்டியல் அது. அதில் 1998 முதல் 2005 வரையிலான எட்டு ஆண்டுகளைப் பார்த்தால் வெப்பநிலை உயரவில்லை என்றார் கார்ட்டர்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில், அமெரிக்க செனட்டர் டெட் குரூஸ் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் கிட்டத்தட்ட இதையே சொன்னார். கடந்த 17 ஆண்டுகளாக வெப்பம் சிறிதும் கூடவில்லை என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுவதாக அவர் வாதிட்டார். 2015-இலிருந்து 17-ஐக் கழித்தால் மறுபடியும் 1998-தான் வருகிறது.

பதினைந்து, இருபது என்று முழு எண்ணாகப் பேசுவதே வழக்கம். இங்கே ஏன் 17? கார்ட்டர் எட்டு ஆண்டுகளை எடுத்தபோதும் குரூஸ் பதினேழு ஆண்டுகளை எடுத்தபோதும் தொடக்கப் புள்ளி மட்டும் ஏன் அசையவே இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு கோட்டு வரைபடத்தில் ஒரு எண்ணைக்கூடத் திருத்தாமல் அதன் செய்தியைத் தலைகீழாக்குவது எப்படி என்று புரிந்துவிடும்.

ஓர் ஆண்டு தள்ளினால்

நாசா தன் இணையதளத்தில் வெளியிடும் உலக வெப்பநிலை அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எண் இருக்கும். 1951 முதல் 1980 வரையிலான சராசரியைவிட அந்த ஆண்டு எத்தனை டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது என்பதே அந்த எண். புதிய தரவு சேரச் சேரக் கடைசி இலக்கம் சற்றே மாறும். மற்றபடி படம் இதுதான்: 1996-இல் 0.33, 1997-இல் 0.46, 1998-இல் 0.61, 1999-இல் 0.38, 2000-இல் 0.39. பிறகு எண்கள் மெல்ல ஏறி, 2007-இல் 0.66 ஆகி, 2008-இல் 0.54-க்கு இறங்குகின்றன.

2008 முடிந்த நேரத்தில் ஒருவர் பத்திரிகைக்கு வரைபடம் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் 1998, முடிவு 2008. இரு முனைகளையும் ஒப்பிட்டால் 0.61 என்பது 0.54 ஆகிவிட்டது. அதாவது பத்தாண்டுகளில் பூமி 0.07 டிகிரி குளிர்ந்துவிட்டது. இப்போது அதே அட்டவணையில் தொடக்கத்தை ஓர் ஆண்டு மட்டும் தள்ளி, 1999-இலிருந்து வரையச் சொல்லுங்கள். 0.38 என்பது 0.54 ஆகிறது. ஒன்பதே ஆண்டுகளில் 0.16 டிகிரி சூடு கூடிவிட்டது. அட்டவணை அதுவே, முடிவு ஆண்டும் அதுவே. இடப்பக்கம் ஒரே ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா, வெளியே போகிறதா என்பதில் 'குளிர்கிறது' என்பது 'சூடாகிறது' என்று மாறிவிடுகிறது.

முனைகளை மட்டும் பார்ப்பது முறையல்ல, எல்லாப் புள்ளிகளையும் கணக்கில் எடுத்துப் போக்குக் கோடு வரைய வேண்டும் என்று புள்ளியியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். இதே எண்களுக்கு அப்படிப் போக்குக் கோடு போட்டால் 1998-இலிருந்து தொடங்கினாலும் கோடு மேல்நோக்கியே போகிறது: பத்தாண்டுக்குச் சுமார் 0.16 டிகிரி. ஆனால் தொடக்கத்தை 1999-க்கு மாற்றினால் அது 0.24 ஆகிறது. திசை மாறவில்லை, வேகம் ஒன்றரை மடங்காகிவிட்டது. போக்குக் கோடு ஏமாற்றுக்கு வழியைக் குறைக்கிறது, முற்றிலும் அடைப்பதில்லை.

அமெரிக்க ஆய்வாளர்கள் டேவிட் ஈஸ்டர்லிங், மைக்கேல் வேனர் இருவரும் 2009-இல் வெளியிட்ட சிறிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் சுட்டிக்காட்டியது. 1998 முதல் 2008 வரை பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படியான உயர்வு இல்லை. 1998-ஐ மட்டும் விட்டுவிட்டு 1999-இலிருந்து பார்த்தால் வலுவான உயர்வு. அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். 1977 முதல் 1985 வரை, 1981 முதல் 1989 வரை என்று பழைய காலத்திலும் இப்படி ஏற்றமே இல்லாத துண்டுகளை வெட்டி எடுக்க முடியும். அந்தத் துண்டுகள் அடங்கிய நீண்ட காலத்திலோ பூமி தெளிவாகச் சூடாகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஆண்டுக்கு என்ன விசேஷம்?

1997-இன் நடுப்பகுதியில் பசிபிக் பெருங்கடலில் ஒரு பெரிய எல் நினோ கிளம்பியது. இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் அதுவும் ஒன்று. வழக்கமாகப் பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று, கடலின் மேற்பரப்பில் உள்ள சூடான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவித்து வைக்கும். எல் நினோவின்போது அந்தக் காற்று தளர்கிறது. குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே, தென் அமெரிக்காவை நோக்கிப் பரவுகிறது. கடலின் மேல் அகலமாகப் பரவிய அந்த வெப்பம் காற்றுக்குக் கைமாறுகிறது. சில மாதங்கள் கழித்து உலக சராசரி வெப்பநிலையில் அது ஒரு முகடாகத் தெரிகிறது. 1998-இன் 0.61 அப்படி வந்த முகடு.

முகட்டை அடுத்து உடனே ஒரு பள்ளமும் வந்தது. 1998-இன் பிற்பகுதியிலேயே பசிபிக் எதிர்த்திசையில் திரும்பி, லா நினா எனப்படும் குளிர்ந்த நிலைக்குப் போய்விட்டது. 1999-உம் 2000-உம் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு பெரிய முகடும் ஒரு பள்ளமும் அக்கம்பக்கத்தில் வந்து நின்றதால், தொடக்கத்தை ஓர் ஆண்டு தள்ளினாலே படம் புரண்டுவிடுகிறது.

செயற்கைக்கோள் அளவீட்டில் இந்த முகடு இன்னும் உயரம். அது தரையில் தெர்மாமீட்டர் வைத்து அளப்பதல்ல. தரைக்கு மேலே சில கிலோமீட்டர் வரையிலான காற்றின் வெப்பநிலையைக் கணிப்பது. எல் நினோவின்போது அந்த உயரத்துக் காற்று தரைமட்டத்தைவிட அதிகமாகச் சூடாகும். குரூஸ் குறிப்பாகச் செயற்கைக்கோள் தரவைக் கையில் எடுத்ததற்கு இதையும் சேர்த்துப் பொருள் கொள்ளலாம்: முகடு எவ்வளவு உயரமோ, அதிலிருந்து புறப்படும் கோடு அவ்வளவு தட்டையாக இருக்கும்.

முனையில் நிற்பவரின் பலம்

முதல் புள்ளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு செல்வாக்கு? சீசா பலகையை நினைத்துப் பாருங்கள். நடுவில் உட்காருபவர் எவ்வளவு கனமானாலும் பலகை சாயாது. முனையில் ஒரு சிறு பிள்ளை உட்கார்ந்தாலும் சாய்ந்துவிடும். போக்குக் கோட்டின் கணக்கும் இப்படித்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டைச் சாய்க்கும் பலம், அது காலத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுகளை எடுத்தால் நடு ஆண்டு 2005. அந்த ஆண்டு எவ்வளவு சூடாக இருந்தாலும் கோட்டின் சாய்வு மாறாது. 1998-உம் 2012-உம் நடுவிலிருந்து ஏழு ஆண்டுகள் தள்ளி நிற்கின்றன. அவற்றுக்குத்தான் பலம் அதிகம்.

எண்ணாகவே பார்ப்போம். எல் நினோவால் 1998-இல் 0.15 டிகிரி கூடுதலாக ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டுத் துண்டின் முதல் புள்ளியாக அது நின்றால், போக்குக் கோட்டின் வேகத்தைப் பத்தாண்டுக்குச் சுமார் 0.04 டிகிரி குறைத்துவிடும். 1970-களிலிருந்து பூமி சூடாகும் வேகமே பத்தாண்டுக்கு 0.2 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஒரு ஆண்டால் காணாமல் போகிறது. அதே புள்ளியை 45 ஆண்டுக் காலத்தின் முதலில் வைத்தால் பாதிப்பு 0.004 டிகிரிதான், கண்ணுக்கே தெரியாது. காலம் மூன்று மடங்கு நீண்டால், முனைப் புள்ளியின் பலம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை. ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே நீண்ட காலப் படத்தில் தொடக்க ஆண்டு எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. குறுகிய காலப் படத்தில் தொடக்க ஆண்டுதான் கிட்டத்தட்ட எல்லாமே.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐ.பி.சி.சி., 2013-இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1998-2012 காலத்தில் பூமி சூடாகும் வேகம் பத்தாண்டுக்கு 0.05 டிகிரியாகக் குறைந்திருந்தது என்று அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. 1951-2012 காலத்துக்கு அந்த வேகம் 0.12 டிகிரி. அதோடு நிறுத்தாமல், அதே 15 ஆண்டு நீளத்தை வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் முன்னே நகர்த்தினால் என்ன கிடைக்கும் என்பதையும் சொன்னது. 1995-இல் தொடங்கினால் 0.13. 1996-இல் தொடங்கினால் 0.14. 1997-இல் தொடங்கினால் 0.07. மூன்றே ஆண்டு நகர்வில் விடை இரண்டரை மடங்குக்கு மேல் மாறுகிறது. இப்படி ஆடும் எண்ணை வைத்து எந்தப் பக்கத்துக்கும் வாதாட முடியாது.

இதில் எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வேகம் சற்றுத் தளர்ந்திருந்ததா என்பதை அறிவியலாளர்களே தீவிரமாக ஆராய்ந்தார்கள். பசிபிக்கின் கிழக்குப் பகுதி தொடர்ந்து குளிர்ந்திருந்ததும், வெப்பம் கடலுக்குள் அதிகமாகப் போனதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அளவீட்டில் இருந்த குறைகளும் பின்னர் சரிசெய்யப்பட்டன. வேகமாகச் சூடாகிவரும் ஆர்க்டிக் பகுதியைச் சில பட்டியல்கள் வெற்றிடமாக விட்டிருந்தன. கப்பல்கள் எடுத்த கடல்நீர் அளவுக்கும் மிதவைகள் எடுத்த அளவுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தது. இவற்றைத் திருத்தியபின் அந்தத் 'தளர்வு' பெருமளவு சுருங்கியது. வேகம் ஏன் கூடிக் குறைகிறது என்று கேட்பது ஆய்வு. முகட்டிலிருந்து கோட்டைத் தொடங்கி 'நின்றுவிட்டது' என்று சொல்வது வேறு.

தேடிக் கண்டுபிடித்த தேதி

தேதி பொறுக்குவதை ஒரு செயல்முறையாகவே மாற்றியவர் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் மாங்டன். ஒவ்வொரு மாதமும் புதிய செயற்கைக்கோள் தரவு வந்ததும், அந்த மாதத்திலிருந்து பின்னோக்கிப் போவார். எவ்வளவு தூரம் பின்னே போனாலும் போக்குக் கோடு பூஜ்யத்தைத் தாண்டாமல் இருக்கிறதோ, அவ்வளவு தூரத்தையும் 'வெப்பமே உயராத காலம்' என்று அறிவிப்பார். 2015-இல் அது 18 ஆண்டுகளுக்கு மேல் வந்தது.

கேட்பதற்கு நாணயமான கணக்குப் போலத்தான் இருக்கும். தேதியை அவர் இஷ்டத்துக்கு எழுதவில்லை, கணினி கண்டுபிடித்துத் தருகிறது. ஆனால் கணினியிடம் என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள். 'எந்தத் தேதியிலிருந்து பார்த்தால் உயர்வு தெரியாது?' என்பதே கேள்வி. விடையில் உயர்வு தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன? அது கேள்வியிலேயே வைக்கப்பட்ட முடிவு. ஏற்ற இறக்கம் உள்ள எந்தப் பட்டியலிலும், உண்மையில் ஏறிக்கொண்டே இருக்கும் பட்டியலிலும்கூட, இப்படித் தேடினால் ஒரு தேதி அகப்படும்.

புள்ளியியலில் இதன் சிக்கல் ஆழமானது. ஓர் உயர்வு தற்செயலா, உண்மையா என்று சோதிக்கும் வழக்கமான சூத்திரங்கள் எல்லாம், தரவைப் பார்ப்பதற்கு முன்பே காலத்தைத் தீர்மானித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. தரவைப் பார்த்துவிட்டு, நூறு தொடக்கங்களை முயன்று, பிடித்த ஒன்றை எடுத்தால் அந்தச் சூத்திரம் தரும் உத்தரவாதம் செல்லாது. 2015-16-இல் அடுத்த பெரிய எல் நினோ வந்ததும் மாங்டனின் 'உயராத காலம்' முடிவுக்கு வந்தது. பிறகு அந்தப் புதிய முகட்டை ஒட்டி இன்னொரு 'உயராத காலம்' தொடங்கிவிட்டதாக அவர் அறிவித்தார்.

இந்த வித்தை ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமல்ல. நாசா அட்டவணையில் 2011-இன் எண் 0.61. அது லா நினா ஆண்டு. எல் நினோ உச்சத்தில் இருந்த 2016-இன் எண் 1.01. பள்ளத்தில் தொடங்கி முகட்டில் முடித்தால், ஐந்து ஆண்டுகளில் 0.4 டிகிரி. அதே வேகத்தை நீட்டினால் பத்தாண்டுக்கு 0.8 டிகிரி, உண்மையான நீண்டகால வேகத்தைப் போல நான்கு மடங்கு. பூமி சூடாகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தப் படம் பொய் சொல்கிறது.

பங்குச் சந்தை விளம்பரங்களில் இதே வேலை பள்ளத்தை வைத்து நடக்கும். கொரோனா பீதியில் 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981 புள்ளிகளில் முடிந்தது. டிசம்பர் 31 அன்று 47,751. மார்ச்சிலிருந்து கோடு வரைந்தால் ஒன்பது மாதத்தில் 84 சதவீத லாபம். ஜனவரி 1 அன்று இருந்த 41,306-இலிருந்து வரைந்தால் முழு ஆண்டுக்கும் ஏறக்குறைய 16 சதவீதம்தான். மார்ச் 23 அன்று பணம் போட்டவர்களுக்கு முதல் எண் உண்மை. அந்த நாளை முன்கூட்டியே அறிந்து போட்டவர் யாரும் இல்லை என்பதுதான் அதன் குறை.

எப்படிக் கண்டுகொள்வது?

எல்லா வரைபடமும் எங்காவது தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே தொடக்கத் தேதி இருப்பதே குற்றமில்லை; அந்தத் தேதியைத் தீர்மானித்தது எது என்பதே கேள்வி. ஆர்க்டிக் கடல் பனியின் வரைபடங்கள் பெரும்பாலும் 1979-இல் தொடங்கும். தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு அப்போதுதான் ஆரம்பம் என்பதால் அந்தத் தேதியை வரைந்தவர் தேர்ந்தெடுக்கவில்லை, கருவி தேர்ந்தெடுத்தது. அதே பனிக்கு 2012-இல் தொடங்கும் படம் ஒன்றைப் பார்த்தால் உஷாராக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் பனி வரலாறு காணாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த ஆண்டே பனி பெருகிவிட்டதாகத் தோன்றும். தொடக்கத் தேதிக்கு வரைபடத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது வரைபடத்தில் உள்ள முகடோ பள்ளமோதான் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். கோடு தன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த அல்லது மிகத் தாழ்ந்த புள்ளியில் தொடங்கினால் சந்தேகம் நியாயமானது.

இரண்டாவது, தொடக்கத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் இருபுறமும் நகர்த்திப் பார்ப்பது. மூலத் தரவு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. நகர்த்தியபின்னும் செய்தி நிலைத்தால் அது தரவு சொல்லும் செய்தி. நகர்த்தியதும் கலைந்தால் அது தேதி சொன்ன செய்தி.

மூன்றாவது சோதனை அதிகம் பேசப்படாதது, ஆனால் கூர்மையானது. புதிய கோடு பழைய கோடு முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். 1998-க்கு முன் ஏறிவந்த போக்குக் கோட்டை அப்படியே வலப்பக்கம் நீட்டுங்கள். பிறகு 'நின்றுவிட்டது' என்று காட்டும் தட்டையான கோட்டை அதன் மேல் வையுங்கள். இரண்டும் ஒட்டாது. தட்டைக் கோடு பழைய கோட்டைவிடச் சட்டென்று ஒரு படி மேலே தொடங்கும். வெப்பமடைதல் நின்றுவிட்டது என்று வாதிடுபவர், அது நிற்பதற்கு ஒரு கணம் முன்பு பூமி திடீரென்று ஒரு படி தாவிச் சூடானது என்பதையும் சேர்த்தே நம்பச் சொல்கிறார். நீட்டிய பழைய கோட்டோடு ஒப்பிட்டால், அடுத்து வந்த ஆண்டுகள் சில அதற்கு மேலேயும் சில கீழேயும் சிதறி, மொத்தத்தில் அதை ஒட்டியே போயின.

இந்தச் சோதனைகளுக்கு விரைவில் வேலை வரும். நாசா அட்டவணையில் 2016-இன் 1.01-இலிருந்து 2022-இன் 0.89 வரை வரைந்து, பூமி ஆறு ஆண்டுகளாகக் குளிர்கிறது என்று காட்டும் வாய்ப்பு ஒருமுறை வந்து போய்விட்டது. அடுத்து வந்த எல் நினோவோடு 2023-இல் எண் 1.17 ஆனது, 2024-இல் 1.28. இப்போது பட்டியலின் மிக உயரமான முகடு 2024. சில ஆண்டுகள் கழித்து யாராவது 2024-இல் தொடங்கும் ஒரு கோட்டைக் காட்டி வெப்பமடைதல் நின்றுவிட்டது என்றால், அவரிடம் எண்களைப் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை. அதே கோட்டை 2022-இலிருந்தும் 2025-இலிருந்தும் வரைந்து காட்டச் சொன்னால் போதும்.